நோயாளி செய்யவில்லையா, தாள் சொல்லவில்லையா?

தோள்பட்டை வலியோடு வந்து போனவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருகிறார். அன்றைக்கு எவ்வளவு தூக்கினாரோ அவ்வளவுதான் இன்றைக்கும் கை தூக்குகிறது. "வீட்டுல பயிற்சி பண்ணுனீங்களாம்மா?" என்று கேட்டால், "பண்ணுனேன் தம்பி, அப்பப்ப" என்கிறார். அந்த "அப்பப்ப" காதில் விழுந்ததும் பிசியோதெரபி அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கரண்டு வைத்தால்தான் வைத்தியம், சொன்னதைச் செய்ய மாட்டார்கள் என்ற தீர்ப்பு முன்பே எழுதி வைக்கப்பட்டதுபோல வெளியே வரும்.

இந்தத் தீர்ப்போடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நான்கு ஆண்டுப் பாடத்தை முடித்துப் பயிற்சிக் காலத்துக்கு வரும் இன்டர்ன், முதல் சில நாட்களிலேயே அதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். பயிற்சியைச் செய்து காட்டு, ஒருமுறை செய்யச் சொல், கட்டிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை உருவிக் கொடு, அடுத்தவரைக் கூப்பிடு. தாளில் எட்டுப் படங்கள் இருக்கும். பக்கத்தில் 'பென்டுலார் எக்சர்சைஸ், டென் ரெப்ஸ், த்ரீ செட்ஸ்' என்று பேனாவால் ஒரு கிறுக்கல். தாள் எழுதுவது எழுத்தர் வேலை, காட்டுவதுதான் மருத்துவம் என்பது எங்கும் பரவலாக உள்ள எண்ணம். படிக்காத சனங்களுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது, இப்போதுதான் வீடியோ இருக்கிறதே என்று சமீபகாலமாக ஒரு வாதமும் அதோடு சேர்ந்துகொண்டது.

இந்த எண்ணம் தவறு. அடி முதல் நுனி வரை தவறு. வீட்டுப் பயிற்சித்தாளில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு மருந்தளவு. அதை எளிய தமிழில் எழுத வரவில்லை என்று ஓர் இன்டர்ன் சொன்னால், தமிழ் வரவில்லை என்று பெரும்பாலும் பொருளில்லை. எவ்வளவு, எதுவரை, எப்போது நிறுத்துவது என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் பொருள். கலைச்சொல்லுக்குப் பின்னால் அந்த முடிவின்மையை ஒளித்துவைக்க முடியும். பேச்சுத் தமிழில் முடியாது.

'காட்டினால் போதும்' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். மருத்துவர் சொல்வதில் எவ்வளவு நினைவில் நிற்கிறது என்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெசல்ஸ் 2003இல் எழுதினார். சொன்னதில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனடியாக மறந்துபோகிறது. நினைவில் நிற்பதாக நோயாளி நம்புவதிலும் ஏறத்தாழப் பாதி தவறானது. இது படித்தவர், படிக்காதவர் என்று பார்த்து வருவதில்லை. வயதும் பதற்றமும் கூடக் கூட மறதியும் கூடுகிறது. அரசு மருத்துவமனை வரிசையில் காலையிலிருந்து நின்று, சுகர் மாத்திரைச் சீட்டையும் எக்ஸ்ரே உறையையும் கையில் பிடித்தபடி, கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எட்டுப் பயிற்சிகளைப் பத்து நிமிடத்தில் காட்டினால் எத்தனை வீடு போய்ச் சேரும்?

இதை நேராகவே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். முதுகுவலிக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாயால் சொல்லியும் செய்து காட்டியும், மறு பாதிக்கு அதோடு எழுத்தும் படமும் உள்ள தாளையும் கொடுத்து, ஷ்னைடர்ஸ் என்பவரும் உடனிருந்தவர்களும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாள் பெற்றவர்கள் சொன்ன பயிற்சியில் சுமார் 77 விழுக்காட்டைச் செய்தார்கள். வாய்மொழி மட்டும் கேட்டவர்கள் செய்தது 38 விழுக்காடு. சின்ன ஆய்வுதான். ஆனால் சோம்பல் என்ற விளக்கத்துக்கு அது வைக்கும் கேள்வி சின்னதல்ல. அதே நோய், அதே மாதிரி ஆட்கள். ஒரு தாள் வந்ததும் சோம்பல் பாதியாகக் குறைந்துவிடுமா?

இனி ஒரு நோயை எடுத்து முழுதாகப் பார்ப்பதுதான் நியாயம். உறைந்த தோள் என்பது தேனி மாவட்டத்து பிசியோதெரபி மேசைக்கு அடிக்கடி வருகிற ஒன்று. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் கோட்மன் 1934இல் இதற்கு இட்ட ஆங்கிலப் பெயரைத்தான் இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிவிடுகிறது. முதல் சில மாதங்களில் வலி கடுமையாக இருக்கும், இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. பிறகு வலி தணிந்து இறுக்கம் மிஞ்சும். அதற்கும் பிறகு மெல்ல மெல்லத் தளரும். எல்லாம் சேர்ந்து ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இழுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் திராட்சை பந்தலில்தான் படர்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை அங்கே ஆண்டு முழுக்க அறுவடைக்கு வரும். கவாத்து பண்ணுவது, கொடியைக் கட்டுவது, குலையை வெட்டுவது எல்லாமே தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்யும் வேலை. இந்த வேலைதான் தோளை உறையவைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உறைந்த தோளோடு இந்த வேலைக்குப் போவதும் முடியாது.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஐம்பதைத் தாண்டிய பெண், பத்தாண்டாகச் சர்க்கரை, நான்கு மாதமாக வலது தோளில் வலி. ரவிக்கை கொக்கியைப் போட மகளைக் கூப்பிடுகிறார். கொண்டை போட முடியவில்லை. கையை உடம்போடு ஒட்டி வைத்து முழங்கையை மடக்கி, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னால் கொஞ்சமும் போகவில்லை. மருத்துவர் பிடித்துத் திருப்பினாலும் போகவில்லை. இரவில் இரண்டு மூன்று முறை வலி எழுப்பிவிடுகிறது. வலிக் கட்டமும் இறுக்கக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரம் இது.

வழக்கமான ஜெராக்ஸ் தாள் இவருக்கு எட்டுப் பயிற்சிகளைக் கொடுக்கும். கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, கம்பு, கப்பி, முதுகுக்குப் பின்னால் துண்டு, இன்னும் சில. இது தாராளம்போலத் தெரியும். உண்மையில் எது முக்கியம் என்று தெரிவு செய்யும் பொறுப்பை நோயாளியின் தலையில் கட்டுவது அது. ஹென்றி என்பவரும் குழுவினரும் 1999இல் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களை மூன்று பிரிவாக்கி இரண்டு, ஐந்து, எட்டு என்று வீட்டுப் பயிற்சிகள் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மட்டும் பெற்றவர்கள் எட்டுப் பெற்றவர்களைவிடப் பயிற்சியைச் சரியாகச் செய்தார்கள். ஆக இன்டர்ன் எழுத உட்காரும்போது அவர் முன்னால் நிற்கும் முதல் கேள்வி, எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதுதான். இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு முதுகுக்குப் பின்னால் துண்டை இழுக்கும் பயிற்சி வேண்டாம். இந்தக் கட்டத்தில் அது வலியைக் கிளப்பும். கப்பியும் வேண்டாம். வலியைத் தணிக்க ஒன்று, கையை மேலே கொண்டுபோக ஒன்று, வெளியே திருப்ப ஒன்று என மூன்று போதும்.

தணிக்கும் பயிற்சி கோட்மன் பெயரால் வழங்கும் ஊசல் பயிற்சி. 'பென்டுலார்' என்று தாளில் எழுதினால் எழுதியவர் கடமை முடிந்தது. வீட்டில் என்ன நடக்கும்? நோயாளி குனிந்து நின்று, தோள் தசையை இறுக்கிக் கையைச் சுற்றுவார். எந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்க இந்தப் பயிற்சி தரப்பட்டதோ அதுவே முழு வேலையும் செய்யும். இருபது சுற்றுக்கு வலி கூடும், மூன்றாம் நாள் விட்டுவிடுவார். செய்து காட்டும்போது இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. ஏனென்றால் தானாக ஆடும் கையும் ஆட்டப்படும் கையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுதும்போது மட்டும்தான் இதைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் வருகிறது:

"இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குனியுங்கள். வலது கையைத் துணி தொங்குவதுபோலத் தொங்கவிடுங்கள். கையை ஆட்ட வேண்டாம். இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கை தானாக ஆடும். ஒரு நிமிடம் போதும். தலை சுற்றினால் நிமிர்ந்து உட்காருங்கள்."

எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். 'கையை ஆட்ட வேண்டாம்' என்ற வரியில்தான் மருத்துவம் இருக்கிறது. அதை எழுதுவதற்கு, இந்தப் பயிற்சி ஏன் தரப்படுகிறது என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைசுற்றல் பற்றிய வரியும் அலங்காரத்துக்கு வந்ததில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் ஒருவர் குனிந்து நிமிரும்போது நடக்கக்கூடியது அது.

கையை மேலே கொண்டுபோகும் பயிற்சியில் தவறு இன்னும் தந்திரமானது. சுவரைப் பார்த்து நின்று விரல்களை நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் சாக்பீசால் கோடு போடச் சொல்வது நெடுநாள் வழக்கம். கோடு நாளுக்கு நாள் ஏறும், நோயாளிக்கும் மகிழ்ச்சி. ஆனால் கோடு ஏறுவதற்கு மூட்டு அசைய வேண்டும் என்று கட்டாயமில்லை. தோள்பட்டையை மொத்தமாகக் காதை நோக்கி உயர்த்தினாலும், உடம்பை ஒரு பக்கம் சாய்த்தாலும், நுனிக்காலில் நின்றாலும் விரல் அரை அடி ஏறிவிடும். உறைந்த தோள் உள்ளவர் தன்னையறியாமல் செய்வதே இதுதான். ஆறு வாரம் கழித்து அளந்தால் சுவரில் முன்னேற்றம் இருக்கும், மூட்டில் இருக்காது. அப்போதும் பழி நோயாளிமேல்தான் விழும்.

இதற்கு மாற்று, மல்லாக்கப் படுக்க வைப்பது. தரை முதுகைப் பிடித்துக்கொள்வதால் சாய முடியாது, நுனிக்காலில் நிற்கவும் வழியில்லை. "பாயில் மல்லாக்கப் படுங்கள். முழங்கால் இரண்டையும் மடக்கிக்கொள்ளுங்கள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடியுங்கள். தூக்குவது இடது கை. வலது கை கூட வந்தால் போதும். தலைப்பக்கமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். இழுக்கிறது என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். இறக்குங்கள். ஐந்து முறை." தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா என்று வீட்டில் ஒருவர் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

மூன்றாவது, வெளியே திருப்புவது. இங்கே திருட்டு வழி ஒன்றுதான்: முழங்கையை உடம்பிலிருந்து விலக்கிவிடுவது. அதற்கு நல்ல காவல், அக்குளில் மடித்து வைத்த ஒரு கைத்துண்டு. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, இரண்டு கையாலும் ஒரு கம்பைக் குறுக்காகப் பிடித்து, இடது கையால் கம்பைத் தள்ளி வலது முன்கையை வெளிப்பக்கம் கொண்டுபோக வேண்டும். துண்டு விழுந்தால் தவறு, விழாவிட்டால் சரி. பக்கத்தில் பிசியோ இல்லாமலே நோயாளி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி தாளுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல தாள் ஒவ்வொரு பயிற்சிக்கும் இப்படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும். எட்டுப் படத் தாளில் இதற்கு இடமே கிடையாது.

இனி, எளிய மொழி துல்லியத்தைக் கெடுக்கும் என்று சொல்பவர்களுக்கு. அவர்கள் பெரிதும் நம்பும் துல்லியமான சொற்றொடர் ஒன்று உண்டு: 'வலி தாங்கும் அளவுக்கு'. பாடநூலில் இருப்பதால் இது அறிவியல்போலத் தோன்றும். நாள் முழுக்கப் பந்தலின்கீழ் நின்று குலை வெட்டியவரிடமும், விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவரிடமும் போய், தாங்கும் அளவுக்குச் செய்யுங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவையும் தாங்குவார். மருத்துவமனை அறையில் மென்மையாக உட்கார்ந்தவர் பாதியிலேயே நிறுத்துவார். ஒரே சொற்றொடர், இரண்டு வேறு மருந்தளவு. இதைத் துல்லியம் என்பது வேடிக்கை.

அளவு தவறினால் என்ன என்பதற்கு உறைந்த தோளிலேயே ஒரு சான்று கிடைத்திருக்கிறது. நெதர்லாந்தில் டியர்க்ஸும் ஸ்டீவன்ஸும் 77 நோயாளிகளை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து 2004இல் எழுதினார்கள். ஒரு பிரிவுக்கு வலி எல்லையையும் தாண்டி இழுக்கும் தீவிர பிசியோதெரபி. மறு பிரிவுக்கு நோயை விளக்கிச் சொல்லி, வலி எல்லைக்குள் ஊசல் முதலான மென்மையான பயிற்சிகளும், முடிந்தவரை வழக்கமான வேலைகளும். இரண்டாண்டு முடிவில் மென்மையாகச் செய்தவர்களில் 89 விழுக்காட்டினர் நல்ல நிலையை எட்டினார்கள்; தீவிரமாக இழுக்கப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர்தான். ஆக, எதுவரை இழுப்பது என்ற ஒரு வரி, பயிற்சியின் பெயரைவிடப் பெரியது. அதைத்தான் வழக்கமான தாள் எழுதாமல் விடுகிறது, அல்லது 'தாங்கும் அளவு' என்று கைகழுவுகிறது.

எழுத வேண்டியது இப்படி: "செய்யும்போது இழுப்பது சரி. சுரீர் என்று குத்தினால் அங்கேயே நிறுத்துங்கள். முடித்த பிறகு வலி அரை மணி நேரத்தில் அடங்க வேண்டும். அன்று இரவு வழக்கத்தைவிடத் தூக்கம் கெட்டாலோ, மறுநாள் காலை வலி கூடியிருந்தாலோ, அடுத்த நாள் பாதி எண்ணிக்கை மட்டும் செய்யுங்கள். நிறுத்திவிட வேண்டாம்." இதில் ஒரு கலைச்சொல்லும் இல்லை. 'தாங்கும் அளவு' என்பதைவிட இது எவ்வளவு கறாரானது என்பதைப் பார்த்தாலே தெரியும். மறுநாள் காலை என்ற அளவுகோல் எல்லோர் வீட்டிலும் உண்டு. பாதியாக்கு என்ற கணக்கை யாரும் போட்டுவிடலாம். 'நிறுத்திவிட வேண்டாம்' என்ற கடைசிச் சொற்கள் இல்லாவிட்டால், வலி கூடிய அன்றோடு பயிற்சி முடிந்துவிடும்.

செய்யாமல் போவதற்கு என்ன காரணம் என்று ஸ்லூய்ஸும் உடனிருந்தவர்களும் 1993இல் நோயாளிகளிடமே கேட்டுப் பார்த்தார்கள். முன்னணியில் வந்தவை: அன்றாட வாழ்வில் எதிர்ப்பட்ட தடைகள், செய்வது சரியா என்று யாரும் சொல்லாதது, இனி என்ன செய்தும் பயனில்லை என்ற மனநிலை. சோம்பேறித்தனம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை வரவில்லை. தடைகளைப் பொறுத்தவரை இன்டர்னிடம் ஒரு கருவி இருக்கிறது. அது கேள்வி கேட்பது. "காலையில எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புறீங்கம்மா? தனியா உட்கார நேரம் எப்ப கிடைக்கும்?" இதைக் கேட்காமல் 'தினமும் மூன்று வேளை' என்று எழுதுவது சும்மா எழுதுவது. ஆறு மணிக்கு வண்டி ஏறுகிறவருக்கு நடுவேளை என்பது தோட்டத்தில் கழிகிறது. அங்கே பாய் விரிக்க முடியாது, மல்லாக்கப் படுக்கவும் முடியாது. அதனால் படுத்துச் செய்வது இரவில் படுக்கையிலேயே. கம்புப் பயிற்சி காலையில் அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில். தோட்டத்தில் சாப்பாட்டு வேளையில் ஒரு நிமிடம் ஊசல். தாளில் இது நேரம்நேரமாக எழுதப்பட வேண்டும், அவர் சொன்ன நேரத்தில்.

வேலையையும் எழுத வேண்டும். 'கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலையைத் தவிருங்கள்' என்று திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரருக்கு எழுதினால், வேலைக்கே போகாதீர்கள் என்று எழுதியதாகும். அவர் அந்த வரியோடு மற்ற வரிகளையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார். சிறு முக்காலி மீது நின்று வெட்டலாம் என்று தோன்றும். ஈரத் தரையில் அது சாய்ந்தால் தோளோடு இடுப்பும் போகும். பறித்த குலையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலையைச் சில வாரம் கேட்டு வாங்க முடியுமா என்று அவரோடு பேசிப் பார்த்து, முடியும் என்றால் எழுதலாம். முடியாது என்றால், இடது கையால் வெட்டுவது, பத்து நிமிடத்துக்கொருமுறை கையைத் தொங்கவிடுவது என்று இறங்கி வர வேண்டியதுதான். இது அரைகுறைத் தீர்வு. இருந்தாலும் நடக்கக்கூடிய தீர்வு.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதி என்ன பயன் என்ற வாதம், தாளைப் படிப்பவர் நோயாளி மட்டும்தான் என்று நினைக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 77 விழுக்காடு. எழுத்தறியாத ஒருவர் வீட்டிலும் ஏழாவது படிக்கும் ஒரு பேத்தியாவது இருப்பாள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருப்பாள். அவள் சத்தமாக வாசிக்க, பாட்டி பாயில் படுத்துச் செய்கிறாள். அதனால்தான் வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு ஓர் அசைவு. அடுத்த வாக்கியத்தை வாசிக்கும்முன் அந்த அசைவு முடிந்திருக்க வேண்டும். எழுதியதை இன்டர்ன் ஒருமுறை வாய்விட்டு வாசித்து, அதே வேகத்தில் தானே தரையில் படுத்துச் செய்து பார்த்தால் எந்த வரி நீளம் என்பது உடனே தெரிந்துவிடும்.

வீடியோ அசைவை நன்றாகக் காட்டும், அதை மறுப்பதற்கில்லை. ஊசலில் இடுப்பு ஆடுவதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. ஆனால் யூடியூபில் கிடைக்கும் வீடியோ இந்தப் பெண்ணின் நான்காம் மாதத்துத் தோளுக்காக எடுக்கப்பட்டதில்லை. எதுவரை, எத்தனை, எப்போது பாதியாக்குவது என்பது அதில் இருக்காது, இருந்தாலும் வேறொருவருடைய அளவாக இருக்கும். போதாததற்கு போன் மகனிடம் இருக்கிறது, மகன் திருப்பூரில் இருக்கிறான். தாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டும் வேண்டும் என்றால் நோயாளியையே அவர் வீட்டு போனில் செய்யவைத்துப் படம் பிடித்துக் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கப்போவதில்லை. அதற்கும் அடியில் எழுத்து வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கும், வெளியே வர முடியாத முதியவர்களுக்கும் இது பெரிய மாற்றம். ஆனால் அவர் எல்லா நாளும் ஒரே வீட்டுக்கு வர முடியாது. இரண்டு வருகைகளுக்கு நடுவே அந்த வீட்டில் சிகிச்சை செய்வது மருமகளோ கணவரோதான். அவர்கள் கையில் இருப்பது ஒரு தாள், அல்லது ஒன்றுமில்லை. வீடு தேடிப் போகும் மருத்துவம் பெருகப் பெருக, தாள் எழுதும் திறமைக்கு மதிப்புக் கூடத்தான் வேண்டும்.

எதிர்த்தரப்பில் ஒன்று மட்டும் உண்மை. தாள் தனியாக நின்று வேலை செய்யாது. ஃப்ரீட்ரிக் என்பவரும் சகாக்களும் 1996இல், கையேட்டை மட்டும் பெற்றவர்களையும் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். நேரில் கற்றவர்களே பயிற்சியைச் சரியாகச் செய்தார்கள். அதனால் காட்டுவதை விட்டுவிட்டு எழுது என்று யாரும் சொல்லவில்லை. வரிசை மாற வேண்டும், அவ்வளவுதான். முதலில் சோதனை, பிறகு நோயாளியிடம் கேள்விகள், பிறகு எழுதுவது. அப்புறம் அந்தத் தாளை வைத்துக்கொண்டே காட்டுவது. கடைசியாக, தாளை நோயாளியின் கையிலோ கூட வந்தவரின் கையிலோ கொடுத்து, "நான் சரியா எழுதியிருக்கேனான்னு பாக்கணும்மா, இதைப் பாத்துச் செஞ்சு காட்டுங்க" என்று கேட்பது. அப்போது அவர் முழங்கையை விலக்கினால் திருத்த வேண்டியது அவரை மட்டுமில்லை, தாளில் அந்த வரியையும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நாற்பது பேர் காத்திருக்கும் காலையில் மூத்த பிசியோவுக்கு உண்மையாகவே நேரமில்லை. இன்டர்னுக்கு உண்டு. அதற்குத்தான் அவர் இருக்கிறார். பெட்டியை ஆன் செய்து கரண்டு வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பதினைந்து நிமிடம் கேள்வி கேட்கவும் ஒரு பக்கம் எழுதவும் தாராளமாகப் போதும். எழுதியதை மூத்தவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எலும்பு முறிவுக்குப் பிறகோ அறுவைக்குப் பிறகோ என்றால், அறுவை செய்தவர் விதித்த தடைகள் தெரியாமல் இன்டர்ன் ஒரு வரியும் எழுதக் கூடாது. மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தால், விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனால், இடது தோள் வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் பயிற்சி செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும் வரிகள் எல்லாத் தாளிலும் மாறாமல் இருக்கலாம். அவற்றை மட்டும் அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். மீதி கையால்தான்.

இந்தப் பெண் இரண்டு வாரத்தில் திரும்பி வரும்போது "பண்ணுனீங்களா?" என்று கேட்பதில் பயனில்லை, "அப்பப்ப" என்றுதான் வரும். தாளைக் கொண்டுவரச் சொல்லி, எந்த வரி இடித்தது என்று கேட்க வேண்டும். தோட்டத்தில் ஊசல் செய்யக் கூச்சமாக இருக்கிறது என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, வீடு திரும்பியதும் என்று மாற்ற வேண்டும். இரவுத் தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை என்றால், முதலில் குறைவது இரவு வலிதான், கை தூக்கப் பல மாதமாகும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். படுத்துச் செய்யும் பயிற்சியில் வலி அடங்கியிருந்தால், பத்து வரை எண்ணியதை இருபதாக்கலாம். பழைய தாளை வாங்கி அவருடைய ஓ.பி. சீட்டோடு வைத்துவிட்டு, மேலே தேதி போட்டு இரண்டாவது தாளை எழுதலாம்.